ட்ரஃப் 10 வந்தால் டோஸைக் கூட்ட வேண்டுமா? குழந்தைகளுக்கான வான்கோமைசின் கணக்கு

நான்கு வயதுப் பெண் குழந்தை. எடை 16 கிலோ, உயரம் 100 செ.மீ. தொடை எலும்பில் சீழ், விடாத காய்ச்சல். இரத்தக் கல்ச்சரில் எம்ஆர்எஸ்ஏ வளர்ந்திருக்கிறது. பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் பெரும்பாலானவற்றுக்கு மசியாத ஸ்டாஃபைலோகாக்கஸ் அது. அறுவை மருத்துவர் சீழை வடித்துவிட்டார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 240 மி.கி. வான்கோமைசின் சிரை வழியாக ஏறிக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலை 11.30 மணிக்கு, அடுத்த டோஸுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்த இரத்தத்தில் மருந்தின் அளவு லிட்டருக்கு 10 மி.கி.

இந்த 10 என்ற எண்ணைப் பார்த்ததும் பல வார்டுகளில் கை தானாக டோஸைக் கூட்டப் போகும். '15 முதல் 20 வரை இருக்க வேண்டும்' என்று படித்து வந்தவர்கள் நாம். இந்தக் குழந்தையிடம் அப்படிச் செய்தால் என்ன ஆகும், ஏன் செய்யக் கூடாது, பிறகு எந்த நாளில் உண்மையாகவே டோஸை மாற்ற வேண்டி வந்தது என்பதைத்தான் இங்கே எண்களோடு பார்க்கப் போகிறோம். குழந்தை, கணக்கைக் காட்டுவதற்காக நான் அமைத்துக்கொண்ட குழந்தை. ஆனால் அவளுக்கு நேரும் ஒவ்வொன்றும் வார்டில் அன்றாடம் நேர்வதுதான்.

வான்கோமைசின் உடலுக்குள் என்ன ஆகிறது என்பது மிக எளிது. கல்லீரல் அதை ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஏறிய மருந்தில் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே இரத்தத்தில் மருந்து எவ்வளவு நேரம் தங்கும் என்பதை முடிவு செய்வது சிறுநீரகம் ஒன்றுதான். குழந்தையின் சிறுநீரகமோ, கைக்குழந்தைப் பருவம் தாண்டிவிட்டால், உடல் எடைக்கு ஒப்பிடும்போது பெரியவர்களுடையதைவிட வேகமாக வடிகட்டுகிறது. பெரியவர் உடலில் மருந்து பாதியாகக் குறைய ஆறு மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். நல்ல சிறுநீரகம் உள்ள நான்கு வயதுக் குழந்தையிடம் இரண்டரை, மூன்று மணி நேரத்திலேயே பாதி போய்விடும். பெரியவருக்கு பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பதைக் குழந்தைக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது இதனால்தான்.

பழைய டோஸ் ஒரு நாளைக்கு கிலோவுக்கு 40 மி.கி. என்று இருந்தது. இப்போது மூன்று மாதம் முதல் பன்னிரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், நாளொன்றுக்கு கிலோவுக்கு 60 முதல் 80 மி.கி. வரை, ஆறு மணி நேர இடைவெளியில் பிரித்துத் தொடங்கச் சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் என்றால் 60 முதல் 70, ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எடை அதிகமுள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு எகிறிவிடாமல் இருக்க, தொடக்கத்தில் நாளொன்றுக்கு 3,600 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்றும், பெரும்பாலோருக்கு 3,000 மி.கி.க்கு மேல் தேவைப்படாது என்றும் வரம்பு உண்டு. நம் குழந்தைக்குக் கிலோவுக்கு 60 என்று எடுத்துக்கொண்டோம். 960 மி.கி.யை நான்காகப் பிரித்தால் 240. ஒவ்வொரு டோஸும் ஒரு மணி நேரம் ஓடுகிறது. அவசரமாக ஓட்டினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும். அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, வேகத்தின் விளைவு. ஓட்டத்தை நிறுத்தி, பிறகு மெதுவாக ஓட்டினால் பலருக்கும் அடங்கிவிடும்.

15–20 எங்கிருந்து வந்தது

அடுத்த டோஸுக்குச் சற்று முன், இரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் எடுக்கும் அளவைத்தான் வார்டில் 'ட்ரஃப்' என்கிறோம். ஆனால் கிருமியைக் கொல்லும் திறனைத் தீர்மானிப்பது அந்த ஒற்றைப் புள்ளி அல்ல. 24 மணி நேரத்தில் கிருமி மொத்தம் எவ்வளவு மருந்தை எதிர்கொண்டது என்பதுதான். நேரத்தைக் கிடையாகவும் மருந்தளவைக் குத்தாகவும் வைத்து ஒரு வளைகோடு வரைந்தால், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் அந்த மொத்தம். அதை ஏயூசி என்கிறோம். கிருமியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு, அதாவது எம்ஐசி, லிட்டருக்கு 1 மி.கி. என்று கொண்டால், ஒரு நாளின் ஏயூசி 400 முதல் 600 வரை இருக்க வேண்டும் என்பது இன்றைய இலக்கு.

பரப்பு என்றதும் மிரள வேண்டாம். ஏயூசியை 24 ஆல் வகுத்தால் அந்த நாளின் சராசரி மருந்தளவு கிடைக்கும். 400 என்பது சராசரி 17, 600 என்பது சராசரி 25. இலக்கை இப்படிச் சொன்னால் சட்டென்று புரிகிறது: நாள் முழுவதுமான சராசரி 17-க்கும் 25-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

2009-ல் அமெரிக்கச் சங்கங்கள் பெரியவர்களுக்காக எழுதிய வழிகாட்டியில், ஏயூசியை ஒவ்வொருவருக்கும் கணக்கிடுவது கடினம் என்பதால், அதற்குப் பதிலாக ட்ரஃப் 15 முதல் 20 வரை இருந்தால் போதும் என்ற குறுக்குவழியைக் காட்டினார்கள். பெரியவர்களுக்கான அந்தக் குறுக்குவழி குழந்தைகள் வார்டுக்கும் வந்து குடியேறிவிட்டது. 2020-ல் வெளியான திருத்தப்பட்ட வழிகாட்டியில் மருந்தாளர் சங்கங்களோடும் தொற்றுநோய்ச் சங்கத்தோடும் குழந்தைத் தொற்றுநோய் மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்துகொண்டது. கடுமையான எம்ஆர்எஸ்ஏ தொற்றில் ட்ரஃபை மட்டும் பார்த்து டோஸ் போடுவதை இனிப் பரிந்துரைக்கவில்லை என்றார்கள். குழந்தைகளைப் பற்றித் தனியாக ஒன்று சொன்னார்கள்: ஏயூசி 800-ஐயும் ட்ரஃப் 15-ஐயும் எட்டவிடாதீர்கள், சிறுநீரகம் அடிபடும்.

ஒரே இலக்குக்கு ஏன் குழந்தையின் ட்ரஃப் குறைவாக இருக்கிறது? அவளுடைய வளைகோடு ஊசி மலை போல ஏறி இறங்குகிறது. டோஸ் முடிந்ததும் 30-ஐத் தொடுகிறது, ஆறு மணி நேரத்துக்குள் 10-க்குக் கீழே வருகிறது. சராசரி இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. அடிவாரம் மட்டுமே 15-ல் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் மலை முழுவதையும் தூக்கி நிறுத்த வேண்டும். அப்போது சராசரி எங்கே போகும் என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஆறு மணி நேர டோஸில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ட்ரஃப் 7 முதல் 10 வரை இருக்கும்போதே ஏயூசி 400-ஐத் தாண்டிவிடுகிறது என்பது பல குழந்தைகளின் அளவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது.

இரண்டு ரத்தம், ஒரு கணக்கு

நம் குழந்தைக்கு முதல் டோஸ் நண்பகலில் தொடங்கியது. நான்காவது டோஸ் மறுநாள் காலை 6 மணிக்குத் தொடங்கி 7 மணிக்கு முடிந்தது. மருந்து பாதியாகும் நேரம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு என்பதால், அதற்குள் ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டன. இரண்டு முறை இரத்தம் எடுத்தோம். டோஸ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, 8 மணிக்கு எடுத்ததில் 24. 11.30-க்கு எடுத்ததில் 10. இந்த இரண்டு எண்களே போதும்.

```
k         = ln(24 / 10) / 3.5            = 0.25
7:00      = 24 × e^(0.25 × 1)            = 30.8
12:00     = 10 × e^(-0.25 × 0.5)         = 8.8
AUC (6 h) = (8.8 + 30.8)/2 + (30.8 - 8.8)/0.25 = 107.8
AUC (24 h)= 107.8 × 4                    = 431
```

முதல் வரி, மூன்றரை மணி நேரத்தில் 24 எப்படி 10 ஆனது என்பதிலிருந்து வெளியேறும் வேகத்தைக் கண்டுபிடிக்கிறது. 0.25 என்றால் மருந்து பாதியாக 2.8 மணி நேரம். அந்த வேகத்தை வைத்துப் பின்னோக்கிப் போனால் டோஸ் முடிந்த கணத்தில் 30.8. முன்னோக்கிப் போனால் நண்பகலில் 8.8. மருந்து ஏறும் ஒரு மணி நேரத்தின் பரப்பும் இறங்கும் ஐந்து மணி நேரத்தின் பரப்பும் சேர்ந்து 107.8. ஒரு நாளில் நான்கு டோஸ், ஆகவே 431. சராசரி 18.

இலக்குக்குள் இருக்கிறாள். டோஸைத் தொட வேண்டியதில்லை.

இப்போது கை பரபரத்த அந்த மருத்துவர் என்ன செய்திருப்பார் என்று பார்க்கலாம். 10-ஐ 15 ஆக்க டோஸை ஒன்றரை மடங்காக்கி 360 மி.கி. கொடுத்திருப்பார். ஏயூசி 647. அதுவும் போதாது, 20 வேண்டும் என்று இரட்டிப்பாக்கியிருந்தால் 862. இலக்கில் சரியாக நின்ற குழந்தையை, அளவு குறைவு என்ற பெயரில், சிறுநீரகத்துக்கு ஆபத்தான இடத்துக்குத் தள்ளியிருப்பார். பழைய 40 மி.கி. கணக்கில் விட்டிருந்தால் என்ன என்றும் கேட்கலாம். ஏயூசி 287-ல் நின்றிருக்கும். இரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ உள்ள குழந்தைக்கு அது போதாது. 'எதற்கும் கொஞ்சம் கூட்டிவைப்போம்' என்ற பழக்கம் பிறந்ததும் அந்தப் பழைய டோஸின் காலத்தில்தான்.

மேலே உள்ள கணக்கைக் கையால் போடலாம், விரிதாளில் போடலாம். முன்பே ஆராயப்பட்ட குழந்தைகளின் தரவோடு நம் குழந்தையின் அளவைப் பொருத்திப் பார்க்கும் பேஸியன் மென்பொருள் இருந்தால் ஒரே இரத்த மாதிரியிலும் ஓரளவு நம்பத்தக்க விடை கிடைக்கும். எந்த வழியானாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அளவு பார்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

எண்ணைவிட நேரம் முக்கியம்

இந்த விஷயத்தில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை கணக்கில் நடப்பவை அல்ல. கடிகாரத்தில் நடப்பவை. ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

காலை 6 மணி டோஸ் நேரத்துக்குத் தொடங்கியதாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. உண்மையில் கையில் இருந்த ஊசி அடைத்துக்கொண்டது. வேறு இடத்தில் ஊசி போட்டு மருந்தைத் தொடங்கும்போது மணி 7. டோஸ் 8 மணிக்கு முடிகிறது. அதே 8 மணிக்கு, 'டோஸ் முடிந்து ஒரு மணி நேரம் ஆயிற்று' என்ற எண்ணத்தில், இரத்தம் எடுக்கிறார்கள். மருந்து இன்னும் இரத்தத்திலிருந்து திசுக்களுக்குப் பரவி முடிக்கவில்லை. 24 வர வேண்டிய இடத்தில் 38 வருகிறது. 11.30 மாதிரியில் 10-க்குப் பதில் 13. இந்த இரண்டையும் எழுதப்பட்ட நேரத்தோடு கணக்கில் போட்டால் ஏயூசி 650-ஐ ஒட்டி வருகிறது. பார்க்கும் எவரும் டோஸைக் குறைப்பார்கள். சரியான அளவில் இருந்த குழந்தை அன்று மாலையிலிருந்து குறைவான மருந்தோடு எம்ஆர்எஸ்ஏவை எதிர்கொள்வாள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு அளவுகளிலிருந்து, மருந்து உடலில் எத்தனை லிட்டரில் கரைந்திருப்பது போலத் தெரிகிறது என்பதையும் கணக்கிட முடியும். நம் குழந்தையின் சரியான மாதிரிகளில் அது 8.9 லிட்டர், கிலோவுக்கு 0.55. குழந்தைகளிடம் பொதுவாக எதிர்பார்ப்பதும் அதை ஒட்டித்தான். நேரம் பிசகிய மாதிரிகளில் அது 4.7 லிட்டர், கிலோவுக்கு 0.3 என்று பாதியாகக் குறைகிறது. குழந்தையின் உடல் ஒரே இரவில் பாதியாகச் சுருங்காது. அப்படி ஒரு எண் வந்தால் டோஸை மாற்றுவதற்கு முன் செவிலியரிடம் போய், 'உண்மையில் எப்போது தொடங்கினீர்கள், எப்போது முடிந்தது?' என்று குறை சொல்லும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும். குறை சொல்லும் தொனியில் கேட்டால் '6 மணி' என்ற பதில்தான் வரும்.

இன்னொரு தவறு, மருந்து ஏறிய அதே குழாயிலிருந்து இரத்தம் எடுப்பது. குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் மருந்து கலந்து, எதற்கும் பொருந்தாத உயரமான எண் வரும். வேறு இடத்தில் குத்தி எடுப்பதே நல்லது. குழந்தை அழும்தான். ஆனால் பொய்யான அளவை நம்பி டோஸை மாற்றி, மறுநாள் அவளை மறுபடி குத்துவதற்கு இது மேல்.

0.5 ஏன் நார்மல் அல்ல

நான்காம் நாள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது, ஆனால் கால் வலி விடவில்லை. இரண்டு நாளாக மூன்று வேளை ஐபுபுரோஃபென் போகிறது. முந்தைய நாள் இரண்டு முறை வாந்தி, சரியாகச் சாப்பிடவும் இல்லை. காலை இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 0.5. ஆய்வகத் தாளில் அதற்குப் பக்கத்தில் எந்த நட்சத்திரக் குறியும் இல்லை. அச்சிட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது.

அந்தத் தாளை அப்படியே கோப்பில் வைத்துவிட்டால் விபரீதம். சேர்ந்த அன்று இவளுடைய கிரியாட்டினின் 0.3. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. சிறு குழந்தைக்குத் தசை குறைவு, ஆகவே எண்ணும் சிறியது. 0.3-லிருந்து 0.5 என்பது கண்ணுக்கு அற்பமான 0.2. விகிதத்தில் பார்த்தால் ஒன்றரை மடங்கைத் தாண்டிய உயர்வு. உலகெங்கும் பயன்படும் கேடிஐஜிஓ அளவுகோலின்படி, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஏறினாலே அது தீவிர சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலை. குழந்தையின் கிரியாட்டினினை அச்சிட்ட வரம்போடு ஒப்பிடக் கூடாது. அவளுடைய சொந்தத் தொடக்க எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தத் தொடக்க எண் கையில் இல்லாமல் வான்கோமைசினைத் தொடங்குவதை நான் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதாகவே நினைக்கிறேன்.

வடிகட்டும் வேகத்தை மதிப்பிட, படுக்கையருகிலேயே போடக்கூடிய ஷ்வார்ட்ஸ் சூத்திரம் இருக்கிறது. 2009-ல் புதுப்பிக்கப்பட்ட வடிவம் இது:

```
eGFR = 0.413 × height (cm) / creatinine (mg/dL)
```

முதல் நாள்: 0.413 × 100 ÷ 0.3 = 138. நான்காம் நாள்: 0.413 × 100 ÷ 0.5 = 83. எண்பத்து மூன்று மோசமில்லையே என்று தோன்றலாம். ஆனால் மருந்து டோஸ் 138-க்காகப் போடப்பட்டது. தவிர, சூத்திரம் கிரியாட்டினின் நிலையாக இருக்கும்போதுதான் சரியாகப் பேசும். ஏறிக்கொண்டிருக்கும்போது உண்மையான வடிகட்டும் வேகம் அதைவிடக் கீழே இருக்கலாம். கிரியாட்டினின் நேற்றைய சேதத்தை இன்று சொல்லும் எண். அதனால்தான் கூடவே சிறுநீரை அளக்கச் சொல்கிறோம்: கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே, அதாவது இந்தக் குழந்தைக்கு மணிக்கு 8 மில்லிக்குக் கீழே, ஆறு மணி நேரம் தொடர்ந்தால் அதுவே எச்சரிக்கை.

சூத்திரம் ஏமாற்றும் குழந்தைகளும் உண்டு. நெடுநாள் நோயில் மெலிந்து தசை கரைந்த குழந்தைக்குக் கிரியாட்டினின் இயல்பிலேயே குறைவாக இருப்பதால், சிறுநீரகம் அடிபட்டிருந்தாலும் கணக்கு நன்றாகக் காட்டும். பிறந்து சில நாளே ஆன சிசுவின் இரத்தத்தில் இருப்பதில் ஒரு பகுதி தாயின் கிரியாட்டினின். இந்த இரு கூட்டத்துக்கும் சூத்திரத்தைவிட மருந்தின் அளவே நம்பகமான சாட்சி. சிசுக்களின் டோஸ் தனிக் கதை, இங்கே அதற்குள் போகவில்லை. மறுபக்கம், கடும் தொற்றின் தொடக்கத்தில் சில குழந்தைகளின் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக வடிகட்டும். அவர்களுக்குக் கிலோவுக்கு 60 மி.கி.யும் போதாமல் போகும்.

நம் குழந்தைக்கு வருவோம். ஐபுபுரோஃபென் நிறுத்தப்பட்டது. வலிக்குப் பாராசிட்டமால், நீர்க்குறைவுக்கு ட்ரிப். நண்பகல் டோஸுக்கு முன் 11.30-க்கு வான்கோமைசின் அளவு எடுத்தோம்: 19. இரண்டு நாள் முன்பு இதே டோஸில் இதே நேரத்தில் 10 இருந்த இடம். அச்சு வரம்புக்குள் இருந்த கிரியாட்டினின் சொல்லத் தயங்கியதை இந்த எண் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. பழைய வழிகாட்டியைப் பிடித்துத் தொங்குபவருக்கு இது இன்னும் வேடிக்கை: 19 என்பது அவருடைய இலக்குக்குள் விழுகிறது!

நண்பகல் டோஸ் கொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் கழித்து 5.30-க்கு மறுபடி எடுத்ததில் 8. 19-லிருந்து 8-க்கு வர ஆறு மணி நேரம். பாதியாகும் நேரம் 2.8-லிருந்து 4.8 ஆகியிருக்கிறது. மருந்தை வெளியேற்றும் வேகம் மணிக்கு 2.2 லிட்டரிலிருந்து 1.28 லிட்டருக்கு இறங்கிவிட்டது. பழைய டோஸ் அப்படியே தொடர்ந்திருந்தால் ஏயூசி 960 ÷ 1.28 = 750.

புதிய டோஸும் அதே வகுத்தலைத் திருப்பிப் போடுவதுதான். மணிக்கு 1.28 லிட்டர் வேகம், இலக்கு 430 என்று வைத்தால் நாளுக்கு 550 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 180 மி.கி., மொத்தம் 540. எதிர்பார்க்கும் ஏயூசி 422. மாலை 6 மணிக்கு அந்த டோஸ் தொடங்கியது.

மருந்தை அடியோடு நிறுத்தியிருக்கலாமே என்று குடும்பத்தார் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கல்ச்சரில் மெதிசிலினுக்கு மசியும் ஸ்டாஃபைலோகாக்கஸ் வந்திருந்தால் இரண்டாம் நாளே செஃபசோலின் போன்ற மருந்துக்கு மாற்றியிருப்போம். அந்தக் கிருமிக்கு வான்கோமைசினைவிட அதுவே நன்றாக வேலை செய்யும், அளவு பார்க்கும் தொல்லையும் இல்லை. கல்ச்சரில் எதுவும் வளராமல், குழந்தையும் தேறியிருந்தால் 48 மணி நேரத்தில் நிறுத்தியிருப்போம். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வழிகளில் இதற்கு இணை எதுவும் இல்லை: தேவையில்லாத வான்கோமைசினைத் தொடராமல் இருப்பது. இந்தக் குழந்தைக்கு மாற்றவேண்டிய காரணம் வரவில்லை, ஆகவே அளந்து கொடுத்தோம்.

சிறுநீரகத்தை வான்கோமைசின் தனியாக அடிப்பதைவிடத் துணையோடு சேர்ந்து அடிப்பதே அதிகம். ஐபுபுரோஃபென் வடிகட்டிக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது, வாந்தியும் நீர்க்குறைவும் அதையே செய்கின்றன, ஜென்டாமைசின், ஆம்ஃபோடெரிசின், ஃபுரோசெமைடு ஆகியவை தங்கள் பங்குக்கு. பைப்பராசிலின்-டாசோபாக்டமோடு சேர்த்துக் கொடுக்கும்போது கிரியாட்டினின் அடிக்கடி ஏறுவதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஏற்றத்தில் எவ்வளவு உண்மையான சேதம், எவ்வளவு கிரியாட்டினின் குழாய்களில் சுரப்பது தடைபடுவதால் வரும் வெறும் எண் மாற்றம் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. வாதம் முடியும்வரை காத்திராமல், இரண்டும் சேர்ந்து ஓடும் குழந்தைக்குக் கிரியாட்டினினைத் தினமும் பார்ப்பதுதான் நடைமுறை.

ஏயூசி 400 என்ற இலக்குக்கும் எல்லை உண்டு. அது பெரும்பாலும் பெரியவர்களின் எம்ஆர்எஸ்ஏ இரத்தத் தொற்றுகளைப் பார்த்து வந்த எண். குழந்தைகளிடம் அதை எட்டினால் இத்தனை பேர் கூடுதலாகப் பிழைப்பார்கள் என்று காட்டும் வலுவான சான்று இல்லை. குழந்தைகளுக்கு 600-ஐ நோக்கி ஓடாமல் 400-ஐ ஒட்டி நிற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எம்ஐசி 2 என்று வந்தால் 400-க்குப் பதில் 800 தேவை என்று கணக்கு சொல்லும். அந்தக் கணக்கைத் துரத்துவதைவிட வேறு மருந்தைத் தேடுவதே அறிவு. எலும்பில் சீழ் தேங்கியிருந்தால் எந்த ஏயூசியும் அதைக் கரைக்காது. காய்ச்சல் விடவில்லை என்றதும் டோஸைக் கூட்டத் தோன்றும்போது, முதலில் மறுபடி ஸ்கேன் எடுத்து, வடிக்காத சீழ் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஆறாம் நாள் குழந்தை சாப்பிடத் தொடங்கியது. சிறுநீர் நன்றாகப் போனது. கிரியாட்டினின் 0.4, எட்டாம் நாள் 0.3. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்ட இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சிறுநீரகம் தேறிவிட்டது என்றால் மருந்தும் பழைய வேகத்தில் வெளியேறத் தொடங்கிவிட்டது என்று பொருள். எட்டாம் நாள் எடுத்த இரண்டு அளவுகள் வெளியேறும் வேகம் மணிக்கு 2.1 லிட்டர் என்று காட்டின. பழுதான சிறுநீரகத்துக்காகக் குறைத்த 540 மி.கி. அந்த வேகத்தில் 257 ஏயூசியைத்தான் தரும். டோஸ் மறுபடி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 220 மி.கி. ஆக்கப்பட்டது, எதிர்பார்க்கும் ஏயூசி 419. இந்த முறை வலிக்கு ஐபுபுரோஃபென் எழுதவில்லை. ஒன்பதாம் நாள் காலை எடுத்த கிரியாட்டினின் 0.3-லேயே நின்றது.